இரண்டு கடையில் வாங்கினால் போதுமா? சப்ளையர் ஆபத்து பற்றிய கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த், ஊறுகாய்த் தொழில்: அண்ணா, பாட்டில் மூடியை இரண்டு வியாபாரிகளிடம் மாற்றி மாற்றி வாங்குகிறேன். 2022 வெள்ளத்தில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கைவிரித்துவிட்டார்கள். இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

தம்பி, உங்களிடம் இருப்பது இரண்டு பில் புத்தகம். இரண்டு மூலம் இருக்கிறதா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். கார் உதிரிபாகக் கொள்முதலில் பல வருடம் இருந்தவன் நான். அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்காதே, எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில், எந்த அச்சில் செய்தது என்று கேள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு வியாபாரியின் மூடியிலும் பத்துப் பத்து எடுத்து மேசையில் கவிழ்த்து வையுங்கள். உள்பக்கத்திலோ விளிம்பிலோ தயாரிப்பாளரின் குறி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் அட்டைப்பெட்டி லேபிளில் தயாரித்த நாடு, பேட்ச் எண் எழுதும் முறை, தேதி அச்சடித்த விதம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சரக்கு ஒரே தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று சந்தேகப்பட வேண்டியதுதான். வியாபாரியிடம் நேராகவே கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், ஊரையும் எந்தத் துறைமுகம் வழியாக இறங்குகிறது என்பதையும் மட்டுமாவது சொல்லச் சொல்லுங்கள்.

தொழிற்சாலை வேறு வேறாக இருந்தாலும் வழி ஒன்றாக இருக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோடு அரித்துக்கொண்டு போனது. துறைமுகத்து லாரிகளுக்கு அதுதான் முக்கியப் பாதை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலைக் கலவரத்தில் மூய் ரிவர் பக்கம் லாரிகள் எரிந்து என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. அதே மாதம் துறைமுகங்களை நடத்தும் ட்ரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு கன்டெய்னர் முனையங்கள் முடங்கின. ஒருவரின் மூடி சீனாவிலிருந்தும் இன்னொருவரின் மூடி இந்தியாவிலிருந்தும் வந்தால்கூட, இரண்டும் பேஹெட் ரோட்டைத் தாண்டித்தானே சாட்ஸ்வொர்த்துக்கு வர வேண்டும்? ஆகவே வரைபடத்தில் தொழிற்சாலை, துறைமுகம், சாலை, கிடங்கு என்று நாலு கட்டம் போடுங்கள். இரண்டு வரிசையிலும் ஒரே பெயர் எழுதிய கட்டம்தான் உங்கள் ஆபத்து.

டோங்காட்டிலிருந்து: அப்படியானால் எல்லாப் பொருளுக்கும் இந்த வரைபடம் போட வேண்டுமா? எங்களிடம் நானூறு ஐட்டம் இருக்கிறது.

வேண்டாம். எந்தப் பொருள் இல்லாவிட்டால் மறுநாளே வேலை நிற்கும் என்று பட்டியல் எடுங்கள். பெரும்பாலும் அது பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. விலை உயர்ந்தது எது என்று தேடினால் தவறவிடுவீர்கள். நிறுத்துவது பெரும்பாலும் சில்லறைப் பொருள்தான்.

இதற்கு நல்ல சாட்சி 2011 ஜப்பான் நிலநடுக்கம். கார் பெயிண்டில் மினுமினுப்புத் தரும் ஸிராலிக் என்ற நிறமி உண்டு. ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் அதை உலகத்திலேயே ஒரே இடத்தில், ஃபுகுஷிமா அணு உலைக்குத் தெற்கே ஓனஹாமாவில் செய்துகொண்டிருந்தது. அணு உலை விபத்து நடந்ததும் ஆட்கள் வெளியேறினார்கள், உற்பத்தி நின்றது. கார் கம்பெனிகளிடம் பெயிண்ட் சப்ளையர் பலர் இருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் நிறமி அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் போனது. சில கறுப்பு, சிவப்பு நிறங்களில் புது ஆர்டர் போட வேண்டாம் என்று ஃபோர்ட் தன் டீலர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. காரின் விலையில் அந்தத் தூளுக்கு எவ்வளவு பங்கு இருக்கும், யோசித்துப் பாருங்கள். மெர்க் பிறகு ஜெர்மனியிலும் அதைச் செய்ய ஏற்பாடு செய்தது.

ஃபீனிக்ஸ், பேக்கரி: நாங்கள் இரண்டு மூலம் எப்போதோ வைத்துவிட்டோம். எஸ்கம் கரண்ட் ஒன்று, கூரையில் சோலார் ஒன்று.

நல்லது. ஆனால் இங்கே பேசுவது வாங்கும் சரக்கைப் பற்றி. உங்கள் மாவும் ஈஸ்டும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள்.

சாட்ஸ்வொர்த், ஊறுகாய்த் தொழில் (மறுபடி): பார்த்துவிட்டேன் அண்ணா. இரண்டும் ஒரே குறி. இப்போது எவ்வளவு ஸ்டாக் வைப்பது, இரண்டாவது ஆளை எப்படிப் பிடிப்பது? தினம் 2,000 பாட்டில், வாரம் ஐந்து நாள் வேலை, கையில் 30,000 மூடி.

கேட்ட அன்றே கவிழ்த்துப் பார்த்தீர்களே, சந்தோஷம். இரண்டு கணக்குப் போடுங்கள்: சரக்கு நின்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள், எத்தனை நாளில் மீளுவீர்கள். எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்சி லெவி ஃபோர்டுக்காகச் செய்த ஆய்வும் இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான். இதன் வசதி என்னவென்றால், வெள்ளமா, தீயா, கலவரமா என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை. எது வந்தாலும் சரக்கு நிற்கும், அவ்வளவுதான்.

உங்கள் தாக்குப்பிடிக்கும் காலம் மூன்று வாரம். மீள்வதற்குப் புது ஆளிடம் ஆர்டர் கொடுத்துத் தயாரிக்க நான்கு வாரம், கப்பலுக்கு மூன்றரை, துறைமுகத்துக்கும் கிளியரிங்குக்கும் ஒன்றரை என்று வைப்போம். மொத்தம் ஒன்பது வாரம். நடுவில் ஆறு வார ஓட்டை, அதாவது 60,000 பாட்டில். மூடி 1 ராண்ட் 20 சென்ட் என்றால் அந்த ஓட்டையை ஸ்டாக்கால் அடைக்க 72,000 ராண்ட் முடங்கும். இன்னொரு வழி, ஆண்டுக்கு 5 லட்சம் மூடியில் கால் பங்கை வேறொரு தொழிற்சாலையிடம் வாங்குவது. அவர் மூடிக்கு 15 சென்ட் கூடக் கேட்டால் 1,25,000 மூடிக்கு ஆண்டுக்கு 18,750 ராண்ட் செலவு. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வேன்: மூன்று வார ஸ்டாக்கை ஐந்தாக்கி, கால் பங்கை உள்நாட்டிலோ வேறு துறைமுகம் வழியாகவோ எடுப்பேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது ஆளின் விலைப்பட்டியல் கையில் இருப்பது வேறு, அவர் மூடி உங்கள் ஊறுகாய்க்குத் தேறுவது வேறு. மூடியின் உள்விளிம்பில் வட்டமாக ஒரு ரப்பர் மாதிரிப் பூச்சு இருக்கிறதல்லவா, அதுதான் காற்றை அடைக்கிறது. ஜாமுக்குப் பொருந்தும் பூச்சு எண்ணெய் ஊறுகாய்க்குப் பொருந்தாமல் போகலாம். எண்ணெய் அதை இளக்கும், பூச்சிலிருக்கும் பொருள் எண்ணெயில் இறங்கும். புளிப்பும் உப்பும் உள்பக்க வார்னிஷை அரித்துத் துரு பிடிக்க வைக்கும். அதனால் எண்ணெய்ப் பண்டத்துக்கு உரியது என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் எலுமிச்சை, மாங்காய் இரண்டையும் அந்த மூடி போட்டு நிரப்பிச் சில பாட்டில்களை நேராகவும் சிலவற்றைக் கவிழ்த்தும் மாதக்கணக்கில் வையுங்கள். கசிகிறதா, துரு தெரிகிறதா, பூச்சு ஊதியிருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். வெள்ளம் வந்த பிறகு இந்தச் சோதனைக்கு நேரம் கிடைக்காது. தேறிய பிறகும் மாதந்தோறும் கொஞ்சமாவது வாங்கிக்கொண்டே இருங்கள். வாங்காத சப்ளையர் அவசரத்துக்கு உங்களை வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார்.

கெபெர்ஹா, வாகனத் துறை: ஐயா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1997-ல் ஐசின் தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டா பிரேக் வால்வை ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் வாங்கியது. ஒரு வாரத்தில் எழுந்து நின்றதே! ஒரே ஆளுடன் நெருக்கமாக இருப்பதுதான் பலம்.

பாதி சரி. பிப்ரவரி 1 அன்று கரியாவில் தீ. வால்வு ஸ்டாக் சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது, டொயோட்டாவின் கார் தொழிற்சாலைகள் நின்றன. ஐசின் தன் வரைபடங்களைக் கொடுத்தது, பல நிறுவனங்கள் வால்வைக் கடைந்து கொடுக்க முன்வந்தன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர்கூட வால்வு செய்து கொடுத்தது. நெருக்கத்தின் பலம் அது, மறுக்கவில்லை. ஆனால் கூப்பிட்டது டொயோட்டா. வரைபடம் இருந்தது, அதே பேட்டையில் கடைசல் ஆட்கள் இருந்தார்கள், வந்தவர்களுக்கு நாளைக்கும் டொயோட்டா ஆர்டர் கொடுக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. சாட்ஸ்வொர்த் தம்பி கூப்பிட்டால் யார் வருவார்?

கெபெர்ஹா (மறுபடி): அதைத்தான் நானும் சொல்கிறேன்! சின்ன ஆள் தன் சின்ன ஆர்டரையும் பிரித்தால் இரண்டு பேருக்கும் வேண்டாதவன் ஆகிவிடுவான். தட்டுப்பாடு வந்தால் பெரிய வாடிக்கையாளருக்குத்தான் சரக்கு போகும்.

இதில் உண்மை இருக்கிறது. பிரித்த பிறகு தொழிற்சாலை கேட்கும் குறைந்தபட்ச ஆர்டருக்குக் கீழே போய்விட்டால் என் வழி செல்லாது. அப்போது ஒரே ஆளிடம் நின்று, அவருடைய கிடங்கில் உங்கள் பெயரில் ஸ்டாக் ஒதுக்கச் சொல்லி ஒப்பந்தம் போடலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், அச்சகம்: நடுவில் வருகிறேன். அப்படி ஒதுக்கிய ஸ்டாக்கைத் தட்டுப்பாட்டில் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். எங்களுக்கே நடந்தது. ஒப்பந்தம் இருந்தும் காகிதம் இல்லை.

பாருங்கள், இதுவும் நடக்கும். மாதம் ஒருமுறை போய் எண்ணிப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதினால் குறையும், ஒழியாது. கெபெர்ஹாக்காரரும் நானும் இதில் ஒத்துப்போக மாட்டோம். என் ஒதுக்கீட்டை இன்னொருவர் கிடங்கில் வைப்பதைவிட என் கூரைக்கடியில் வைப்பேன். அவர் கேட்பார், உன் கூரையும் வெள்ளத்தில் மூழ்கினால்? பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மூழ்கியது, ஆகவே அந்தக் கேள்வி நியாயமானதே.

லெனேசியா: விலை குறைந்த இரண்டாவது சப்ளையர் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன்.

வெருலம்: மூடிக்கு இறக்குமதி வரி எவ்வளவு?

கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். வரி விகிதம் மாறும்.

சாட்ஸ்வொர்த், இன்னொருவர்: நாங்களும் இரண்டு கடையில் வாங்குகிறோம், போதும் அல்லவா?

முதல் பதிலைப் படியுங்கள். மூடியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ், மசாலாப் பொட்டலம்: மூன்று கடையில் வாங்கினால்?

அம்மா, கடை எண்ணிக்கையைப் பற்றி இனி பதில் சொல்ல மாட்டேன். உங்கள் மிளகாய் எந்த மாவட்டத்து விளைச்சல் என்று மூன்று கடையிலும் கேளுங்கள். மூன்று பேரும் குண்டூர் என்றால் அங்கே ஒரு பருவம் பொய்த்தால் மூன்று கடையிலும் ஒரே நாளில் விலை ஏறும். மிளகாய்க்கு நிறமும் காரமும் மாறும், ஆகவே வேறு ஊர்ச் சரக்கை இப்போதே கால் பங்கு கலந்து வாடிக்கையாளரின் நாக்குக்குப் பழக்குங்கள். கலவை விகிதத்தை எழுதி வையுங்கள்.