முதுகுக்குக் கண் இல்லை

கேள்வி: சீனத்துப் பழைய குறிநூலான ஐ சிங் பார்க்க மூன்று நாணயங்களைப் போட்டேன். 52ஆவது குறியான மலை வந்தது. மூன்றாம் கோடு மட்டும் மாறும் கோடு. வேலையை விட்டுவிட்டு நண்பருடன் கூட்டாகக் கடை போட அடுத்த மாதம் முன்பணம் கட்டுவதாக இருக்கிறேன். ஒரே பரபரப்பு, இரவில் உறக்கமே இல்லை. மனத்தை அடக்கு என்கிறதா இந்தக் குறி?

பதில்: 'அடக்கு' என்ற சொல் அந்தக் குறியின் மூல வாசகத்தில் எங்கும் இல்லை. குறியின் பெயரையும் அதன் கீழுள்ள ஒரு வரிப் பொருளையும் மட்டும் அச்சிட்டு விற்கும் கையேடுகளோடு எனக்குப் பல ஆண்டுப் பகை உண்டு. உங்கள் கேள்வி அதை மீண்டும் கிளறிவிட்டது. மூலத்தில் இருப்பது இதுதான்: முதுகை நிலைப்படுத்தியவன் தன் உடலை உணர்வதில்லை, முற்றத்தில் நடக்கும்போதும் அங்குள்ளவர்களைக் காண்பதில்லை, குற்றமில்லை. அவன் நடந்துகொண்டுதான் இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

மனத்தைச் சொல்லாமல் முதுகைச் சொன்னது ஏன் என்பதற்குப் பதினோராம் நூற்றாண்டின் உரையாசிரியர் செங் யி தந்த விளக்கத்தை விஞ்சிய விளக்கத்தை நான் படித்ததில்லை. ஆசையைத் தூண்டும் பொருள்கள் எல்லாம் நமக்கு முன்னால் இருக்கின்றன. அவை முன்னால் நின்று இழுத்துக்கொண்டிருக்கும்போது நிற்க முயல்வது வீண். முதுகு ஒன்றுதான் அவற்றைப் பார்க்காத பகுதி என்கிறார் அவர். உங்களுக்கு முன்னால் அந்தக் கடை இருக்கிறது, அதன் பெயர்ப்பலகை இருக்கிறது, நண்பரின் கணக்குத் தாள் இருக்கிறது. நாள்தோறும் அவற்றைப் பார்த்துக்கொண்டே மனத்தை நிறுத்தப் பார்க்கிறீர்கள். அந்தத் தெருப் பக்கம் போகாமலும் நண்பரோடு கடையைப் பற்றிப் பேசாமலும் சில நாள் இருப்பதுதான் இங்கே முதுகைத் திருப்புவது. மனத்தோடு மல்லுக்கு நிற்கும் வேலை அதில் இல்லை.

இனி உங்கள் மூன்றாம் கோடு. இந்தக் குறியின் ஆறு கோடுகளும் கீழிருந்து மேலாக உடலில் ஏறுகின்றன: கால்விரல், கெண்டைக்கால், இடுப்பு, உடல், தாடை, ஆறாவது கோட்டில் மட்டும் உறுப்பின் பெயர் இல்லை. கால்விரலில் நிற்பவன் நடை தொடங்கும் முன்பே நிற்கிறான் என்பதால் அவன்மேல் குற்றமில்லை. இடுப்போ உடலின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடம். கால்கள் ஓடிக்கொண்டிருக்கையில் அதை இறுக்கினால் முதுகுத் தசை கிழியும், ஆபத்து நெஞ்சைப் புகையாய்ச் சூழும் என்கிறது வாசகம். ஆறு கோடுகளில் இவ்வளவு கடுமையாகப் பேசுவது இது ஒன்றுதான். ஐ சிங்கை ஜெர்மனுக்குக் கொண்டுசென்ற ரிச்சர்ட் வில்ஹெல்ம், தியானத்தில் அமைதியை வலிந்து வரவழைப்பவர்களுக்கான எச்சரிக்கையாகவே இந்தக் கோட்டை விளக்கினார். நீங்கள் கேட்ட 'அடக்கு' என்பதைத்தான் உங்கள் கோடு செய்யாதே என்று தடுக்கிறது. பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருந்தவருக்கு இரவில் உறக்கம் வராவிட்டால், அவர் இடுப்பில் நிறுத்தியிருக்கிறார் என்று அறியலாம்.

மூன்று நாணயங்களும் தலையாக விழுந்து ஒன்பது என்ற எண் வந்ததால்தான் அந்தக் கோடு மாறும் கோடாயிற்று. முழுக்கோடான அதை உடைந்த கோடாக மாற்றினால், ஐந்து உடைந்த கோடுகளின் மேல் ஒரே ஒரு முழுக்கோடு நிற்கும் 23ஆவது குறி, உதிர்தல், கிடைக்கிறது. அதன் வாசகம் எங்கும் புறப்படுவதால் நன்மையில்லை என்கிறது. அதற்குரிய உருவகம் மண்ணின் மேல் அமர்ந்த மலை; மேலே இருப்பவர்கள் கீழே இருப்பதைத் தடிக்கச் செய்து தம் வீட்டை உறுதியாக்குகிறார்கள் என்பது அதன் விளக்கம். ஆகவே அடுத்த மாதம் முன்பணம் கட்டாதீர்கள், வேலையையும் விடாதீர்கள்; சம்பளம் வரும்போதே கையிருப்பைப் பெருக்குங்கள். கடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிற்கும் காலத்தில் நிற்பதும் நடக்கும் காலத்தில் நடப்பதும் இரண்டும் சேர்ந்ததே நிலைத்தல் என்று 52ஆம் குறியின் பழைய உரையே கூறுகிறது. அதை அடுத்து வரும் 53ஆவது குறியின் பெயரும் படிப்படியாக முன்னேறுதல்தான்.

இதைப் படித்துவிட்டு, வேறு நல்ல குறி வருகிறதா என்று இன்றே மறுபடி நாணயம் போட உங்கள் கை பரபரக்கும். முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்ல மாட்டேன் என்கிறது நான்காவது குறி. நண்பரின் கணக்குத் தாளில் உள்ள வாடகையையும் சரக்கின் விலையையும் நீங்களே நேரில் விசாரித்து எழுதிய பிறகு கேளுங்கள். அப்போது உங்கள் கேள்வியே வேறாக இருக்கும்.