பி.எட். கல்லூரி அங்கீகாரம்: கேள்விகளும் பதில்களும்

*பதில் சொல்பவர் பல்கலைக்கழக இணைவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.*

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலான என்.சி.டி.இ.-இன் அங்கீகாரம் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகம் மறுபடி இணைவு கேட்டு இழுத்தடிக்கிறது. இது தேவையா சார்?

தேவைதான். 1993 ஆம் ஆண்டு என்.சி.டி.இ. சட்டத்தின் 16 ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் முதலில் வர வேண்டும், இணைவு அதற்குப் பிறகு. அங்கீகாரம் வந்தால் இணைவும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் 2011 இல் உச்ச நீதிமன்றம் இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிட்டது. தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் தன் விதிகளைத் தனியாகப் பார்க்கலாம்.

ஆனால் மாநிலத்தில் கல்லூரிகள் போதும் என்று கொள்கை காரணம் காட்டி மறுத்தால் அது வேறு கதை. மகாராஷ்டிராவில் அப்படி மறுத்ததை 2006 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் உங்களிடம் கேட்பது கட்டடமா, ஆசிரியர் பட்டியலா, கொள்கையா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

எங்களுக்கு ஷோ காஸ் நோட்டீஸ் வந்தது. பதில் கொடுத்தோம். ஆனாலும் என்.சி.டி.இ.-இன் தென் மண்டலக் குழு அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. நேராக ஐகோர்ட் போனால் ஸ்டே கிடைக்கும் என்கிறார் வக்கீல்.

முதலில் 18 ஆம் பிரிவின்படி என்.சி.டி.இ.-இடம் அப்பீல் செய்யுங்கள். கெடு 60 நாள். அதை விட்டுவிட்டு ரிட் போட்டால், அப்பீலுக்கு ஏன் போகவில்லை என்பதே நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும். நோட்டீஸே தராமல் ரத்து செய்திருந்தால் நேராகப் போவதற்கு நியாயம் உண்டு. உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

அப்புறம் ஆர்டரை நோட்டீஸோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். 100 பேர் சேர்க்கை உள்ள கல்லூரிக்கு 2014 விதிமுறைப்படி 16 ஆசிரியர்கள் வேண்டும். பல்கலைக்கழகப் பதிவாளர் கையொப்பமிட்ட ஆசிரியர் பட்டியல் இல்லை என்றுதான் நோட்டீஸில் இருந்தது. கல்லூரி பட்டியலை அனுப்பியது. ஆர்டரோ, 'நிலப் பத்திரம் சரியில்லை' என்று ரத்து செய்தது. நிலத்தைப் பற்றி நோட்டீஸில் ஒரு வார்த்தையும் இல்லை! ஆர்டர் நிற்காமல் போவது இந்த மாதிரி இடத்தில்தான். நோட்டீஸில் சொன்ன குறைதானா, பதிலைப் படித்த அடையாளம் ஆர்டரில் இருக்கிறதா, ஆய்வறிக்கை நகல் கொடுத்தார்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 16 பேர் போதுமா, 12 பேர் போதுமா என்று அது தீர்மானிக்காது.

ஜெயித்தால் பெரும்பாலும் கோப்பு மறுபரிசீலனைக்கு அதே குழுவிடம் திரும்பும். கையில் அங்கீகாரத்தோடு வெளியே வருவோம் என்று நினைக்காதீர்கள்.

குறை இருந்தாலும் பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் கோர்ட் பரிதாபப்பட்டுத் தேர்வு எழுத விடும். எங்கள் ஊரிலேயே விட்டார்கள்.

பாதி சரி. இடைக்கால உத்தரவில் எழுத விட்டதுண்டு. ஆனால் அங்கீகாரமில்லாத ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவர்களைத் தேர்வு எழுத விடும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 1991 இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எழுதிய பிறகு ரிசல்ட் நின்றுபோனால் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

என் மகள் முதலாண்டு படிக்கிறாள். அவள் கல்லூரிக்கு ரத்து ஆர்டர் வந்திருக்கிறது. நாளைக்கே வேறு கல்லூரி தேட வேண்டுமா?

பதற வேண்டாம் அம்மா. 17 ஆம் பிரிவில், ஆர்டர் கிடைத்த தேதிக்கு அடுத்து வரும் கல்வியாண்டின் முடிவில்தான் ரத்து நடைமுறைக்கு வரும் என்று இருக்கிறது. ஆர்டர் 2024 அக்டோபரில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 முடியும்வரை கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு. 2024 இல் சேர்ந்தவர் அதற்குள் முடித்துவிடலாம். ஆர்டரின் தேதியை மட்டும் சரிபாருங்கள்.

சிக்கல் 2025 இல் சேர்பவர்களுக்கு. சட்டம் எழுதியபோது பி.எட். ஓராண்டுப் படிப்பு. இப்போது இரண்டாண்டு என்பதால் அவர்கள் நடுவழியில் மாட்டுவார்கள். அவர்களை என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் நேரான பதில் இல்லை.

எங்கள் இன்ஜினியரிங் கல்லூரிக்கும் இதே 60 நாள்தானே?

இல்லை சார், அது ஏ.ஐ.சி.டி.இ. சட்டம், வேறு வழி. நான் சொன்னது பி.எட்.டுக்கு மட்டும். உங்களுடைய மறுப்புக் கடிதத்திலேயே எங்கே, எத்தனை நாளில் முறையிடலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஆய்வுக் குழு வந்த அன்று எங்கள் முதல்வர் விடுப்பில் இருந்தார். அதையும் குறையாக எழுதிவிட்டார்கள். அப்பீலில் இதைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். விடுப்புக் கடிதம், வருகைப் பதிவேட்டு நகல், சம்பளம் வங்கியில் போன கணக்கு மூன்றையும் சேர்த்து வையுங்கள். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் அப்பீல் குழு ஒரு வரியில் தள்ளிவிடும். அவர் அன்று மட்டும்தான் இல்லையா, நிரந்தரமாகவே முதல்வர் இல்லையா என்று அவர்கள் சந்தேகப்படுவார்கள், அதற்குத்தான் சம்பளக் கணக்கு.