மூன்று இடம் இருந்தால் எழுதாதீர்கள்

வணக்கம் சார்,
ஞாயிற்றுக்கிழமை வரும் கடினமான சுடோகுவில், ஒவ்வொரு கட்டத்திலும் வரக்கூடிய எண்களையெல்லாம் பென்சிலில் குட்டியாக எழுதிவைத்துப் போடுகிறேன். பாதிக்கு மேல் எல்லாம் குழம்பி, கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு 6 வந்து நிற்கிறது. எந்த பென்சில் நல்லது? 0.5 வாங்கலாமா?
கே.

அன்புள்ள கே.,

எதையாவது வாங்குங்கள். செய்தித்தாளை 0.5 கிழிக்கும், அவ்வளவுதான்.

எண்களையெல்லாம் எழுதுகிறீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். நானும் அப்படி எழுதியவன்தான். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று வெளியே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போட்டேன். கடைசிக் கட்டத்தில் இரண்டாவது 7. எங்கோ ஒரு குட்டி 7-ஐ அழிக்க மறந்திருக்கிறேன். கட்டுப்போட்ட கண்ணோடு வந்த அம்மா, "முடிச்சிட்டியா?" என்றாள். "ஆச்சும்மா" என்று பொய் சொன்னேன்.

2007, 2008, 2011 ஆண்டுகளில் உலக சுடோகு சாம்பியனான தாமஸ் ஸ்னைடரின் பெயரில் ஒரு முறை இருக்கிறது. (2008 போட்டி நம் கோவாவில்தான் நடந்தது.) ஒன்பது கட்டப் பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டு இடம் மட்டும் மிஞ்சினால், அந்த இரண்டின் மூலையிலும் அதைக் குறியுங்கள். மூன்று இடம் இருந்தால் எழுதாதீர்கள்.

இடப்பக்க மேல் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவரிசையில் 4, 8, 1 இருக்கின்றன. முதல் வரிசையில் வலப்பக்கம் 5, 7, 9 வந்துவிட்டன. மூன்றாம் நெடுவரிசையில் கீழே 5, 7 இருக்கின்றன. ஆகவே பெட்டிக்குள் 5-க்குக் கீழ்வரிசையின் முதல் இரண்டு கட்டங்கள்தான். 7-க்கும் அதே இரண்டுதான். குறித்துவிடுங்கள். 9-க்குக் கீழ்வரிசையில் மூன்று இடம், எழுத வேண்டாம். ஆனால் முதல் இரண்டையும் 5-ம் 7-ம் பிடித்துக்கொண்டதால் 9 மூன்றாவதில்தான் உட்கார வேண்டும். தாள் சுத்தமாக இருப்பதால்தான் இந்த ஜோடி கண்ணில் படுகிறது.

இப்போது கவனியுங்கள், எல்லோரும் வழுக்கும் இடம் இது. ஒரு கட்டத்தின் மூலையில் 5, 7 என்று இருந்தால் அங்கே அவை மட்டுமே வரும் என்று பொருள் இல்லை. 5-இன் மறுபாதி ஒரு கட்டத்திலும் 7-இன் மறுபாதி வேறொன்றிலும் இருந்தால், இங்கே 2 கூட வரலாம். குறி எண்ணின் இடத்தைச் சொல்கிறது, கட்டத்தின் உள்ளடக்கத்தை அல்ல. இரண்டு கட்டங்களிலும் அதே இரண்டு எண்கள் இருந்தால்தான் பூட்டு. ஒரு வரிசையில் இரண்டே இடம் என்று தெரிந்தாலும், அவை வேறு வேறு பெட்டியில் இருந்தால் மூலையில் குறிக்காதீர்கள். குறிக்கு இரண்டு அர்த்தம் வந்ததும் ஆட்டம் கெட்டது.

மிகக் கடினமான புதிர் இதற்கு மட்டும் மசியாது. நின்றுபோனால், மீதிக் கட்டங்களில் வரக்கூடியவற்றை முழுதாக எழுதத்தான் வேண்டும். அதைக் கட்டத்தின் நடுவில் எழுதுங்கள், மூலையில் அல்ல. அதற்குள் பாதிக் கட்டங்கள் நிரம்பியிருக்கும், அழிக்க மறப்பதற்கும் அதிகம் இருக்காது.