படத்தையும் படிக்கச் சொல்லித்தர வேண்டும்

அன்புள்ள ஐயா,

என் சித்தி கோட்டைப்பட்டினத்தில் மீன் எடுத்து அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாக விற்பவர். மூன்றாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். மொபெட் ஓட்ட எல்.எல்.ஆர். எடுக்க ஆசைப்படுகிறார். சாலைக் குறியீடுகள் உள்ள அட்டையை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். கேள்வி பதில் ஆடியோவையும் போனில் போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் போன வாரம் தேர்வில் தேறவில்லை. படம் காட்டியும் மனதில் நிற்கவில்லை, ஞாபகசக்தி குறைவோ என்று தோன்றுகிறது. நல்ல ஆப் ஏதாவது உண்டா? எட்டாவது பாஸ் ஆகாமல் லைசென்ஸ் தரமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்தால் அவர்களே எழுதி முடித்துவிடுவார்கள் என்கிறான் தம்பி.

தேவி

அன்புள்ள தேவி,

எட்டாம் வகுப்பு விதி சரக்கு வண்டி, வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கு இருந்தது. அதையும் 2019-ல் நீக்கிவிட்டார்கள். மொபெட்டுக்கு அது எப்போதுமே கிடையாது. ஆப் எதுவும் வேண்டாம். தம்பி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சித்தி பாதி இருட்டில் மீன் கூடையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறப்போகிறவர். அங்கே எதிரே வரும் கண்டெய்னர் லாரிக்குப் பிரவுசிங் சென்டர்காரர் எழுதிய பதில் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். ஞாபகசக்தி குறைவு என்று எப்படி எழுத மனம் வந்தது? எந்த வீட்டில் எவ்வளவு கடன், யார் பாதி கொடுத்தார், யார் அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார் என்பதையெல்லாம் ஒரு நோட்டும் இல்லாமல் மனதிலேயே வைத்திருக்கிறவர் அவர். நீங்கள் ஒட்டிய அட்டை அவருக்குப் பிடிபடவில்லை என்றால், அட்டையைக் காட்டிய விதத்தில்தான் கோளாறு.

படம் என்றால் எல்லோருக்கும் தானாகவே புரியும் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் தொண்டராக இருந்தேன். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகிய காலம் அது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் புடவையோடு ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறி ஓட்டினார்கள். கல் குவாரியில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் மாலை வகுப்பில் அம்புக்குறி போட்ட ஒரு படத்தைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "வேலு மாதிரி இருக்கு, முருகன் கோயிலா தம்பி?" என்றார். அம்பின் கூர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது பள்ளிக்கூடம் நமக்குப் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்த ஒரு வழக்கம். அந்த அம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்ன மறுநிமிடம் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் மாற்றிப் பிடித்த படத்தைக்கூட அவர்தான் திருத்தினார்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனும் எல்.எல்.ஆருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கான படத்தைக் காட்டினேன். "ஒருத்தன் ஏணியைக் கீழே போட்டு அதுமேல நடக்கிறான்" என்றார். சாலையில் அவர் அந்த வெள்ளைப் பட்டைகளை தினமும் மிதித்துத்தான் போகிறார். ஆனால் படத்தில் இருப்பது அதுதான் என்று யாரும் இணைத்துக் காட்டவில்லை. பிறகு அவரைக் கூட்டிப்போய் பஸ் ஸ்டாண்டு முன்னால் நிறுத்தி, கையில் படத்தைக் கொடுத்துக் கீழே பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் அவர் தவறியதே இல்லை.

அதனால் முதலில் ஒரு பெரிய அட்டையில் நெருக்கியடித்து இருக்கும் படங்களை வெட்டித் தனித்தனிச் சீட்டாக்குங்கள். அப்புறம் உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்று கேட்காதீர்கள், வெளிவடிவத்தை மட்டும் கேளுங்கள். சிவப்பு ஓரம் போட்ட வட்டமா? அது கட்டளை, பெரும்பாலும் 'கூடாது' என்பது. நீல வட்டமா? செய்தே ஆக வேண்டும். சிவப்பு ஓரம் போட்ட முக்கோணமா? முன்னால் ஏதோ இருக்கிறது, கவனம். நீலச் சதுரமோ செவ்வகமோ என்றால் தகவல், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் மாதிரி. எண்கோணம் ஒன்றே ஒன்றுதான், 'நில்'. தலைகீழ் முக்கோணமும் ஒன்றுதான், 'வழிவிடு'. சீட்டுகளை இப்படிக் குவியல் குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அயிலையையும் சூடையையும் கண் மூடித் திறப்பதற்குள் பிரிக்கிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

இது பழகிய பிறகு ஒரே படம் இரண்டு வட்டத்துக்குள் வரும் ஜோடிகளை எடுங்கள். ஹார்ன் படம் சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோட்டோடு இருந்தால் ஹார்ன் அடிக்கக் கூடாது. அதே ஹார்ன் நீல வட்டத்துக்குள் இருந்தால் அடித்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் படத்தை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்தவர் இங்கே கட்டாயம் தடுமாறுவார், வெளிவடிவத்தில் தொடங்கியவர் தடுமாறமாட்டார். அதேபோல நீல வட்டத்துக்குள் சிவப்பில் ஒரு சாய்கோடு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. இங்கே நீலம் என்பதால் குழப்பம் வரும். சிவப்பு ஓரமும் சிவப்புக் கோடும் இருக்கிறதே, அதனால் 'கூடாது' கணக்கு என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

சித்தி தவறவிட்டதில் ரயில்வே கேட் படமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், நான் பார்த்த எல்லோரும் அதில் விழுகிறார்கள். ஒரு முக்கோணத்தில் வேலி மாதிரி கேட், இன்னொன்றில் புகை விடும் பழைய எஞ்சின். "ரயில் படம் போட்டிருக்கு, அப்ப அங்கே கேட் இருக்கும்" என்பார்கள். உண்மை நேர்மாறு. கேட் படம் இருந்தால் ஆள் உள்ள கேட். எஞ்சின் படம் இருந்தால் ஆளில்லாத கடவை. இதைக் கதையாகச் சொல்லுங்கள்: கேட் இருந்தால் கண்ணுக்கு முதலில் படுவது கேட், அதனால் கேட்டை வரைந்தார்கள். கேட் இல்லாத இடத்தில் நேரே வந்து நிற்பது ரயில், அதனால் ரயிலை வரைந்தார்கள். இந்த ஒரு விளக்கத்துக்குப் பிறகு இஸ்திரி அண்ணன் அந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவைகளை 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள், ஆனால் கேள்வி இன்னும் கேள்வித் தொகுப்பில் இருக்கிறது.

ஆடியோவுக்கு வருகிறேன். நீங்கள் போட்டுக் கொடுத்தது யாரோ ஒருவர் கேள்வியையும் பதிலையும் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளியதாக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே கருவாடு காயப்போடலாம், தேர்வுக்குத் தயாராக முடியாது. உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள். படம் இல்லாத கேள்விகளுக்குத்தான் ஆடியோ. இப்படி: "ஆளில்லாத ரயில் கடவைக்கு வந்துட்டோம் சித்தி. என்ன செய்யணும்?" இங்கே பத்து விநாடி மௌனம் விடுங்கள், அதுதான் பயிற்சியே. அவர் வாயால் சொல்லட்டும். பிறகு, "வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய் ரெண்டு பக்கமும் பார்க்கணும். ரயில் வரலைன்னு உறுதியான பிறகுதான் கடக்கணும்." மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெரிய வண்டியென்றால் உடன் வரும் ஆள் இறங்கிப் பார்க்கலாம், தனியாக வருபவர் தானே இறங்க வேண்டும். அப்புறம் ஒரு வரியில் காரணம்: "மீன்கூடையோட இறங்க சோம்பலாத்தான் இருக்கும், ஆனா ரயில் பிரேக் போட்டாலும் நிக்காது." காரணம் சேர்ந்தால்தான் பதில் ஒட்டும்.

மஞ்சள் விளக்கு, விபத்து நடந்தால் முதல் கடமை என்ன, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று போன்ற காகிதங்கள், ஆம்புலன்சுக்கு வழி விடுவது எல்லாமே இதே மாதிரிதான். ஒரு பதிவில் ஐந்தாறு கேள்விக்கு மேல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள். கேள்வி முடியும் முன்பே சித்தி பதில் சொல்கிறாரா? அப்படியென்றால் அவர் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டார், விஷயத்தை அல்ல. அடுத்த நாள் கேள்விகளின் வரிசையை மாற்றிப் பதிவு செய்யுங்கள். சீட்டுகளையும் குலுக்குங்கள். அதோடு, திருப்பியும் கேளுங்கள்: "ஹார்ன் அடிக்கக் கூடாத இடத்துல என்ன படம் இருக்கும்? மணல்ல விரலால வரைஞ்சு காட்டுங்க." வட்டம் போட்டுக் குறுக்குக் கோடும் போட்டால் அவருக்குத் தெரியும். ஹார்னை மட்டும் வரைந்தால் இன்னும் தெரியவில்லை.

போன வாரம் தோற்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். திரையில் படம் வரும், அதன் கீழே பதில்கள் எழுத்தில் வரும், நேரம் ஓடும். எழுத்துக் கூட்டி வாசிப்பவர் நான்கு பதிலையும் முதலிலிருந்து வாசித்தால் முடிக்கவே முடியாது. அதனால் படத்தைப் பார்த்ததும் கண்ணைக் கீழே கொண்டுபோகாமல் முதலில் பதிலை வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். "குறுகலான பாலம்." பிறகு பதில்களில் ஒரே ஒரு சொல்லைத் தேட வேண்டும். குறுகிய சாலை, குறுகிய பாலம் என்று இரண்டும் இருக்கும், இரண்டிலும் 'குறுகிய' வருவதால் அதைத் தேடிப் பயனில்லை. 'பாலம்' என்ற மூன்றெழுத்தைத் தேடினால் போதும். இப்படிப் பிரித்துக் காட்டும் சொற்களை மட்டும் ஒரு சின்ன நோட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்: பாலம், பள்ளி, இடது, வலது, தடை, கட்டாயம். மூன்றாவது படித்த கண்ணுக்கு இவ்வளவு போதும். முன்னதாகவே ஆபீசுக்குப் போய், கேள்வியை ஒலியாகக் கேட்கும் வசதி அங்கே உண்டா என்றும் விசாரித்து வையுங்கள்.

sarathi.parivahan.gov.in தளத்தில் மாதிரித் தேர்வு இருக்கிறது. அதை உங்கள் போனில் திறந்து சித்தி கையில் கொடுங்கள். தப்பாகத் தொட்டால் நீங்கள் கையை நீட்டாதீர்கள். அறுபது சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. மாதிரித் தேர்வில் தொடர்ந்து அதற்கு மேல் வந்தால் தேதி வாங்கிவிடலாம்.

எல்.எல்.ஆர். கிடைத்து முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வு. அதற்குள் கை சைகைகளையும் முடித்துவிடுங்கள். இடப்பக்கம் திரும்புவதற்கும் வலது கையைத்தான் நீட்டிச் சுழற்ற வேண்டும், மொபெட்டில் அந்தக் கைதான் ஆக்சிலேட்டரையும் பிடித்திருக்கிறது. அதனால் முதலில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, கூடையையும் பின்னால் கட்டி உட்கார வைத்துப் பழக்குங்கள்.

அன்புடன்.