ஜன்னல் ஒட்டு வைத்தது போல் தெரிந்தால்

"பகல் படத்தை போட்டோஷாப்பில் அந்தி நேரமாக மாற்றினேன். வானம் சரி, ஜன்னல்கள்தான் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி இருக்கின்றன."

சுவர் இன்னும் பகல் வெளிச்சத்தில் இருக்கும், அதுதான் காரணம். முதலில் Curves வைத்து வீடு, புல்தரை எல்லாவற்றையும் நன்றாக இருட்டாக்கி, நிறத்தைக் கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளுங்கள். வெள்ளைச் சுவர் சாம்பல் நீலமாகத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஜன்னல். பகலில் கண்ணாடியில் வானமும் மரமும் பிரதிபலிக்கும். அதன் மேலேயே மஞ்சள் பூசினால் மரம் அப்படியே தெரியும். கண்ணாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, கரும்பழுப்பால் அந்தப் பிரதிபலிப்பை மூடுங்கள். அதற்கு மேல் Screen லேயரில், மென்மையான பிரஷ்ஷால் ஆரஞ்சு. விளக்கு இருக்கக்கூடிய மேல்பகுதியில் அதிகம், ஓரங்களில் குறைவு. எல்லா ஜன்னலும் ஒரே அளவு எரியக் கூடாது. கம்பிகள் கருப்பாகவே நிற்கட்டும்.

பலர் விட்டுவிடுவது வெளியே சிந்தும் ஒளி. ஜன்னல் விளிம்பிலும் கீழே தரையிலும் அதே ஆரஞ்சை 10, 15 சதவீத ஓபாசிட்டியில் தடவுங்கள்.

தரையில் கூர்மையான வெயில் நிழல் விழுந்திருந்தால் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மேகமூட்டமான நாளில் மறுபடி எடுப்பதே சுலபம்.