குழந்தை டாக்டருக்கு ஒரு பக்கம் போதும்

*“அண்ணா, பி.காம் முடித்துவிட்டு அப்பாவின் கடையில் இருக்கிறேன். யூடியூப் பார்த்தே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் கிளினிக், டியூஷன் சென்டர், தச்சுப் பட்டறைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்து சம்பாதிக்க ஆசை. தெருமுனையில் இருக்கும் குழந்தை டாக்டர் ‘செஞ்சு காட்டு, பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார். ரியாக்ட், வேர்ட்பிரஸ் எதுவும் தெரியாது. இதை வைத்து ஆரம்பிக்கலாமா? எவ்வளவு கேட்பது?”*
*— ஒரு வாசகர், விருதுநகர்*

ஆரம்பிக்கலாம், தம்பி. ரியாக்ட் வேண்டாம், வேர்ட்பிரஸும் வேண்டாம். அந்த கிளினிக்குக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம், அதற்கு உங்களுக்குத் தெரிந்ததே தாராளம். வேர்ட்பிரஸ் என்றால் பிளகின், தீம் எல்லாவற்றையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள், அதைப் பார்த்துச் சரிசெய்ய டாக்டரிடம் ஆள் கிடையாது. வெறும் ஹெச்டிஎம்எல் பக்கத்தில் அந்தத் தலைவலி இல்லை.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் கிளினிக்கில் டோக்கன் போடும் அக்காவின் பக்கத்தில் உட்காருங்கள். போனில் என்னென்ன கேட்கிறார்கள் என்று அப்படியே எழுதுங்கள். “டாக்டர் இருக்காரா?”, “ஞாயித்துக்கிழமை உண்டா?”, “டோக்கன் போன்லயே போடலாமா, நேர்ல வரணுமா?”, “தடுப்பூசி எந்தக் கிழமை?”, “பஸ் ஸ்டாண்ட்ல இருந்து எப்படி வர்றது?” பெரும்பாலும் இவ்வளவுதான் வரும். எது அதிகம் வருகிறதோ அதை மேலே வைத்து வரிசையாக அடுக்கினால் அதுதான் உங்கள் பக்கம். ‘தங்களை அன்புடன் வரவேற்கிறோம்’, தானாக நகரும் படங்கள், ‘எங்கள் லட்சியம்’ இதெல்லாம் எதற்கு? ராத்திரி காய்ச்சலில் அனத்தும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைத் தடவும் அம்மாவுக்கு, முதல் திரையிலேயே நேரமும் போன் பட்டனும் தெரிய வேண்டும்.

நேரத்தை மட்டும் போர்டைப் பார்த்து எழுதாதீர்கள். போர்டில் ‘மாலை 5 – 9’ என்று இருக்கும், ஆனால் டோக்கன் எட்டேகாலுக்கே நின்றுவிடும், அது அந்த அக்காவுக்குத்தான் தெரியும். பக்கத்தில் போக வேண்டியது ‘டோக்கன் 8.15 வரை’ என்ற தகவல்.

குறியீட்டில் முக்கியமானது மூன்றே வரிதான்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
<a href="tel:+91XXXXXXXXXX">போன் செய்ய</a>
<a href="https://wa.me/91XXXXXXXXXX">வாட்ஸ்அப்</a>
```

முதல் வரி இல்லாவிட்டால் போனில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் தெரியும். `wa.me`-க்குப் பின்னால் கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் வரும் பூஜ்யம் எதுவும் கூடாது. 91 போட்டு நேராகப் பத்து இலக்கம். போடுகிற நம்பர் கிளினிக் நம்பராக இருக்கட்டும். டாக்டர் பழக்கதோஷத்தில் தன் சொந்த நம்பரைத்தான் கொடுப்பார், அதைப் போட்டால் நடுராத்திரியில் யார் யாரோ கூப்பிடுவார்கள், ஒரே வாரத்தில் பக்கத்தை எடுக்கச் சொல்லிவிடுவார். கிளினிக் போனில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக் கொடுங்கள், மூடியிருக்கும் நேரத்தில் தானாகப் போகும் பதில் ஒன்றை அதில் வைக்கலாம்.

‘உங்கள் குழந்தைக்கு என்ன பிரச்சினை?’ என்று கேட்கும் ஃபார்ம் வைக்கவே வைக்காதீர்கள். அதில் வருவது நோயாளியின் அந்தரங்கத் தகவல். அது எங்கே சேர்கிறது, யார் படிக்கிறார்கள், எப்போது அழிப்பது என்று பதில் சொல்லும் பொறுப்பு வந்துவிடும், தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. தவிர, ஃபார்மில் வருவதை யாரும் உடனே பார்ப்பதில்லை. எழுதிய அம்மா பதில் வரும் என்று காத்திருப்பார்.

அடுத்தது, வாசகம் கிடைக்கும்போது வரும் சிக்கல். டாக்டர், “நோட்டீஸ் அடிச்ச பிரஸ்ல எல்லாமே இருக்கு, வாங்கிக்கோ” என்பார். அந்தக் கோப்பைத் திறந்து காப்பி செய்து ஒட்டினால் ‘மருத்துவமனை’ என்பது `kUj;Jtkid` என்று வந்து நிற்கும். பயப்படாதீர்கள், கோப்பு கெடவில்லை, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. ஆனால் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள், குறிப்பாக எண்களையும் ஆங்கிலத்தில் இருந்த டிகிரியையும். டிகிரியில் உள்ள ஆங்கில எழுத்தும் சேர்ந்து தமிழ் எழுத்தாக மாறிக் குழம்பியிருக்கும். தமிழ் எழுத்துருவைத் தனியாக ஏற்ற வேண்டியதில்லை, இப்போதைய போன்களில் இருப்பதே நன்றாகத் தெரியும். படங்களை மட்டும் சுருக்குங்கள். போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும், 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் வந்துவிடும். கிளினிக் வாசல் படம் ஒன்று அவசியம் வையுங்கள், புதிதாக வருபவர் தெருவில் தேடுவது அந்த வாசலைத்தான்.

டாக்டர்களுக்கு விளம்பரக் கட்டுப்பாடு இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள்படி, நோயாளிகளை இழுக்கும் விளம்பரம் கூடாது. மருத்துவமனை மாதிரி நிறுவனமாக இருந்தாலும் பெயர், எந்த வகை நோயாளிகள், என்ன வசதி, என்ன கட்டணம் என்பதோடு நின்றுவிட வேண்டும். அதனால் ‘விருதுநகரின் நம்பர் 1’, ‘100% குணம்’, நோயாளி பாராட்டிப் பேசும் வீடியோ எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். டிகிரியும் மாநில மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் போடுங்கள். டாக்டரே பாராட்டு வாசகம் கேட்டாலும் பணிவாக இந்த விதியைச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு சித்த வைத்தியர் உங்களிடம் வந்து ‘சர்க்கரை நோயை வேரோடு தீர்ப்போம்’ என்று போடச் சொன்னால் அது இன்னும் தீவிரம். 1954-ம் வருடச் சட்டம் ஒன்று அப்படிப்பட்ட விளம்பரத்தைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

இப்போது டொமைன். இந்த வேலையில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதில்தான். எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில் பக்கம் செய்துகொடுத்த பையன் எல்லாவற்றையும் தன் மெயிலிலேயே பதிந்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவன் பெட்டியில் கிடந்தது. ஒரு நாள் பக்கம் காணாமல் போனது, அந்த முகவரியோ கிளினிக்கின் மருந்துச் சீட்டில் கட்டுக்கட்டாக அச்சாகி இருந்தது. அவன் ஏமாற்ற நினைத்ததில்லை, ஆனால் டாக்டருக்கு நஷ்டம் நஷ்டம்தானே.

ஆகவே கிளினிக் பெயரில் ஒரு புது மெயில் திறந்து, மீட்பு எண்ணாக டாக்டரின் போனைக் கொடுத்து, டொமைனை அந்த மெயிலில், டாக்டரின் பெயரில், டாக்டரின் கார்டு அல்லது யுபிஐயிலேயே வாங்க வையுங்கள். `.in` ஆனாலும் `.com` ஆனாலும் முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள், அதுதான் வருடா வருடம் கட்டப்போவது. `.com` வாங்கினால் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவிடுவார்கள், ‘நேத்து வரைக்கும் ஓடுச்சே’ என்று குழம்புவது பலமுறை இதனால்தான்.

பக்கத்தை வைக்க கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இலவச இடம் போதும். அதே கிளினிக் மெயிலில் கணக்கு திறந்து, போல்டரை இழுத்துப் போட்டால் ஏறிவிடும். `www` இல்லாத முகவரியும் வேலை செய்ய வேண்டுமானால் அந்த டொமைன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வழிகாட்டும் நேம்சர்வரை கிளவுட்ஃபிளேருக்கு மாற்ற வேண்டும், அது முழுக்க மாற சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம், அதனால் டாக்டரிடம் காட்டும் நாளன்று அதைச் செய்யாதீர்கள். ஒன்று ஞாபகம் வையுங்கள்: எல்லா இலவச இடமும் தொழிலுக்கு ஆகாது. வெர்சலின் இலவசத் திட்டம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான்.

கூகுள் மேப்பில் கிளினிக்கின் விவரத்தையும் சேர்த்தே சரிசெய்யுங்கள். ஜனங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், நீங்கள் செய்த பக்கத்துக்கே அங்கிருந்துதான் வருவார்கள். உரிமையாளர் கணக்கு டாக்டருடையதாகவும் நீங்கள் மேலாளராகவும் இருக்க வேண்டும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் கடை வாசலையும் உள்ளேயும் வீடியோ எடுக்கச் சொல்வார்கள், கிளினிக் திறந்திருக்கும்போது நோயாளிகள் முகம் விழாமல் எடுங்கள். மேப்பில் ஒரு நேரம், பக்கத்தில் வேறு நேரம் என்று மட்டும் இருக்கக் கூடாது.

பணம். என் கணக்கில் முதல் வேலைக்கு 6,000 முதல் 8,000 ரூபாய் கேட்கலாம், டொமைன் செலவு டாக்டருடையது. பாதி முன்பணம், மீதி பக்கம் ஏறிய அன்று. ‘முதல் வேலைதானே, இலவசமாகச் செய்கிறேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள், இலவசம் என்றால் வாசகமும் படமும் தருவதற்கே டாக்டருக்கு நேரம் கிடைக்காது. அப்புறம், வருடத்துக்கு 2,000 ரூபாய் என்று பராமரிப்பு பேசிக்கொள்ளுங்கள். அதில் என்ன அடங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நேரம், லீவு, போன் நம்பர் மாற்றம் உண்டு, புதுப் பக்கம் தனிக் காசு. டாக்டர் லீவு போட்டால் டோக்கன் அக்கா உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட வேண்டும், நீங்கள் அன்றே மாற்ற வேண்டும். ஒரு தீபாவளிக்கு தப்பான நேரத்தைப் பார்த்து யாராவது பிள்ளையோடு பூட்டிய கதவு முன்னால் வந்து நின்றால், அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள். ஜிஎஸ்டி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு.

டியூஷன் சென்டருக்கு இதே அச்சுதான். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த நேரம், கட்டணம், அவ்வளவே. ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள், மே, ஜூனில்தான் பெற்றோர் தேடுவார்கள். மாணவர்களின் படத்தையும் மார்க்கையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது.

தச்சருக்கு வெப்சைட்டே தேவைப்படாமல் போகலாம். அவரிடம் போய், வேலை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மேஸ்திரிகள் வழியாகத்தான் வருகிறது என்றால் அவருக்கு வேண்டியது காட்டுவதற்கு நல்ல படங்கள். கதவு, கட்டில், சாமி மாடம் என்று ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து, என்ன மரம், என்ன அளவு, சுமார் எவ்வளவு ஆகும் என்று கீழே எழுதி, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கிலும் மேப்பிலும் ஏற்றிக் கொடுங்கள். வீட்டிலேயே பட்டறை என்றால் மேப்பில் முகவரியை மறைத்து, வேலை செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம். அந்த வேலைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொள்ளுங்கள்; வெப்சைட் வேண்டும் என்று அவரே கேட்கும்போது செய்து கொடுக்கலாம்.