சுவர்க் கணக்கில் நூறு மடங்குப் பிழை

"காரைக்குடி வீட்டுச் செங்கல் சுவர்: பரப்பு 12 ச.மீ., தடிமன் 45 செ.மீ., வெப்பக் கடத்துத்திறன் k = 0.72 W/(m·K), இருபுறமும் 40, 31 டிகிரி. சுவரின் வழியே வினாடிக்குக் கடக்கும் வெப்பத்துக்கு விடை 172.8 வாட், எனக்கு வருவது 1.728. 273 கூட்ட வேண்டுமா?"

வேண்டாம்; இரண்டையும் கெல்வினுக்கு மாற்றினாலும் வெப்பநிலை வித்தியாசம் 9 தான். k-இன் அலகில் மீட்டர் இருக்க, நீங்கள் தடிமனை 45 என்று செ.மீ.யிலேயே வைத்து வகுத்திருக்கிறீர்கள். 0.45 என்று இட்டால்,

q = 0.72 × 9 / 0.45 = 14.4 W/m²

இதுவே வெப்பப் பாயம், அதாவது ஒரு சதுர மீட்டரை ஒவ்வொரு வினாடியும் கடக்கும் ஜூல். 12-ஆல் பெருக்கினால் முழுச் சுவருக்கும் 172.8 வாட். கடந்த மொத்த வெப்பத்தை ஜூலில் சொல்ல வேண்டுமானால், ஒரு மணி நேரத்துக்கு 3600-ஆல் பெருக்க, சுமார் 622 கிலோஜூல் வரும். இருபுற வெப்பநிலையும் நெடுநேரம் மாறாதிருந்தால் மட்டுமே இது பொருந்தும். நம் ஊரின் இத்தனை தடித்த சுவர், ஒரு பகல் வெயிலில் அந்த நிலையை எட்டாது.